கடிதத்தின் பின்னால் குத்தியிருந்த தாள்

எனக்கு வயது அறுபத்தேழு. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து; செத்துப்போன தங்கையின் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன். ராயபுரத்துப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் முப்பது வருஷமாக ஆயா வேலை. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் என் கையில் கொடுத்த கடிதம் ஒன்றுகூடத் தவறியதில்லை. அந்தப் பெருமை எனக்கு உண்டு.

மனையியல் துறையில் எம்.எஸ்ஸி. படிக்கிற பெண் ஒருத்தி அன்று மத்தியானம் ஒரு கடிதத்தைக் கொண்டு வந்தாள். தன் வழிகாட்டி மேடத்துக்கு எழுதியது.

"இன்னா விஷயம்மா?" என்றேன்.

"ஆய்வு பண்ண அனுமதி கேட்டிருக்கேன் ஆயா. நீர்க்கட்டி பத்தி. பிசிஓஎஸ்னு சொல்வாங்களே, காலேஜ் பொண்ணுங்களுக்கு மாசாமாசம் சரியா வராம, மோவாயில முடி மொளைக்கிறது... அது. அந்தத் தொல்லை இருந்து, பேசறதுக்கும் தயாரா இருக்கிற எட்டுப் பேர் கிட்ட கையெழுத்தும் வாங்கிப் பின்னாடி குத்திட்டேன். மேம் அசந்துடுவாங்க."

எந்தக் கடிதமும் முதலில் ஆபீசுக்குப் போகவேண்டும். அங்கே முத்திரை போட்டு, நகல் எடுத்து, அப்புறம்தான் மேடத்துக்கு. மாடிப்படியில் காற்றடித்து முதல் தாள் புரண்டது. பின்தாளில் எட்டுப் பெயர், வகுப்பு, போன் நம்பர். ஐந்தாவது கையெழுத்தின் வால் தூண்டில் முள்ளைப் போல வளைந்திருந்தது. அது என் பேத்தியின் கையெழுத்து. அதே கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறவள். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கால் அங்கேயே நின்றுவிட்டது. ஆபீசில் நகல் எடுக்கிற அம்மா எங்கள் காலடிப்பேட்டைத் தெருக்காரி. அவள் காதில் விழுந்தது சாயந்திரம் தண்ணி லாரி வருவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அந்தப் பெண்ணுக்குப் பிள்ளை நிற்காதாம் என்று ஒருத்தி ஆரம்பித்தால் போதும், அப்புறம் யார் வாயை நான் மூடுவேன்?

ஆபீஸ் வாசலைத் தாண்டிப் போனேன். முப்பது வருஷத்தில் முதல்முறை.

"இன்னா ஆயா, ஆபீசு கண்ணுக்குத் தெரில? குடு, சீல் போட்டுத் தரேன்" என்றாள் நகல் எடுக்கிற அம்மா.

"மேடம் ஒடனே கேட்டாங்கோ."

"பேத்தி டிகிரி படிக்கிறான்னு ஒனக்குக் கொம்பு மொளைச்சிகினு கீதா? ரூலு எல்லாருக்கும் ஒண்ணுதான். பின்னாடி இன்னாது அது, லிஸ்ட்டா?"

"எனக்கு இன்னா தெரியும்? நான் இன்னா படிச்சவளா?"

என் வாயால் நான் அப்படிச் சொன்னதேயில்லை. அவள் எழுந்து வருவதற்குள் மேடத்தின் அறைக்குள் நுழைந்து, கடிதத்தை மேசைமேல் வைத்துக் கையால் அமுக்கிக்கொண்டேன்.

"சீல் இல்லையே ஆயா?"

"பின்தாளைப் பாருங்கம்மா மொதல்ல."

பார்த்தார். முகம் மாறியது. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டனுப்பினார்.

"நெறிமுறைக் குழு அனுமதி வர்றதுக்கு முன்னாடி யாரு உன்னைக் கையெழுத்து வாங்கச் சொன்னது? ஒருத்தர் சொன்னது இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாதும்மா. ஆளுக்கு ஒரு ஒப்புதல் படிவம், பேருக்குப் பதிலா நம்பர். இங்க எட்டுப் பேரும் ஒரே தாள்ல!"

"அவங்களே விருப்பமாத்தான் மேம்..."

"உன்னை நம்பித்தான் போட்டாங்க. ஆபீசை நம்பி இல்ல. இன்னொண்ணு, 'பிசிஓஎஸ் உள்ள எட்டு மாணவிகள்'னு எழுதியிருக்கே. நீ கேட்ட நாலு கேள்வியை வச்சு அப்படிச் சொல்ல முடியாது. அறிகுறி இருக்கிறவங்கன்னு சொல்லு. டாக்டர் பார்க்கணும், ரத்தம் சோதிக்கணும், தைராய்டு மாதிரி வேற காரணம் இல்லைன்னு தெரியணும். அதுக்கப்புறம்தான் நோய்க்குப் பேரு."

அந்தப் பெண் அழுதுகொண்டே தாளைக் கிழித்தாள், பொடிப்பொடியாக. அவள் போன பிறகும் நான் நகரவில்லை.

"இது வந்தா புள்ள பொறக்காதாம்மா?" என்றேன்.

மேடம் என்னை உற்றுப் பார்த்தார். யாருக்கென்று கேட்கவில்லை. "அப்படியில்ல ஆயா. வைத்தியம் பார்த்துக்கிட்டு எத்தனையோ பேர் பெத்துக்கறாங்க. கவனிக்காம விட்டாத்தான் பின்னால சர்க்கரை, அது இதுன்னு வரும். பயந்துகிட்டு ஒளிச்சு வைக்கறதுதான் தப்பு."

மறுநாள் புதுக் கடிதம் ஒற்றைத் தாளாக ஆபீஸ் வழியாகவே போனது. நகல் எடுத்த அம்மா அதை இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, "அந்த லிஸ்ட்டு எங்க?" என்றாள். வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டேன்.

தெருவுக்குத் தெரியாமல் காப்பாற்றிவிட்டேன். ஆனால் பேத்தியிடம் எப்படிக் கேட்பது? பத்து நாளாக அவள் சாப்பிடும்போது மோவாயைப் பார்க்கிறேன், அவள் பார்த்தால் திரும்பிக்கொள்கிறேன். வாயால் வராததால் இப்படி எழுதினேன்; நாலு சாயங்காலம் ஆனது.

வாடி இங்க. கதவைச் சாத்திட்டு இத்தப் படிச்சுக் காட்டு. ஒங் கையெழுத்து வர்ற எடத்துல நின்னுட்டாலும் பரவால்ல. நான் இங்கியேதான் ஒக்காந்துகினு கீறேன்.