புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாங்கள் நடத்திய கடையை ஊரில் எல்லோரும் ஃபாரின் கடை என்றுதான் சொல்வார்கள். போர்டில் வேறு ஏதோ பெயர் இருந்தது. அதை யாரும் படித்ததாக எனக்கு நினைவில்லை. எண்பதுகளின் தொடக்கம் அது. சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் லீவுக்கு வருகிறவர்கள், சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தது போக மிச்சமிருக்கும் சென்ட், சோப்பு, டார்ச் லைட், சேலைத் துணி எல்லாவற்றையும் எங்களிடம் கொண்டுவந்து போடுவார்கள். வாங்கி விற்பதுதான் பிழைப்பு.

எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. சாமானில் ஒட்டியிருக்கும் வெளிநாட்டு விலைச் சீட்டைப் பிய்க்கவே கூடாது. மற்ற கடைகளில் விலை ஒட்டியிருந்தால் வாங்குகிறவர்களுக்குக் கசக்கும். எங்களிடம் அது இல்லாவிட்டால் கசக்கும். சீட்டு இல்லாத சோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது மெட்ராஸ் சரக்குதானே?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டுப் போவார்கள். அதனால் நானும் சீட்டைப் பார்த்தே நாட்டைச் சொல்லப் பழகிக்கொண்டேன். டாலர் குறிக்கு முன்னால் எஸ் இருந்தால் சிங்கப்பூர், எம் இருந்தால் மலேசியா. ஜப்பான் ரேடியோவின் விலையில் புள்ளியே இருக்காது, ஏனென்றால் யென்னுக்குக் கீழே சில்லறை கிடையாது. துபாய்க்காரன் திர்ஹம் போட்டுப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் எழுதுவான், நாம் பைசா எழுதுகிற மாதிரியே.

ஒருமுறை வெள்ளைப் பேன்ட் போட்ட ஒருவன் சிங்கப்பூர் சட்டை என்று ஒரு கட்டு கொண்டுவந்தான். டாலர் குறி போட்டுப் பன்னிரண்டு, பக்கத்தில் ஒரு சாய்கோடும் ஒரு சின்னக் கோடும். என் வீட்டுக்காரர் பணத்தை எடுக்கப் போய்விட்டார். "இந்தச் சாய்கோட்டை எந்தச் சிங்கப்பூர்க்காரன் போட்டான்? நம்ம ஊர் மளிகைக்கடைக் கோடுல்ல இது? கட்டைத் தூக்கு" என்றேன். ஆள் கட்டை அள்ளிக்கொண்டு இறங்கிப் போனான். அதற்குப் பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை. சீட்டைக் காட்டினால் போதும், நாட்டைச் சொல்லிவிடுவேன் என்று நானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் வீட்டுக்காரர் மட்டும், "ஏர்போர்ட்டுல வேலை போட்டுக் குடுப்பாங்க, போய்ப் பாரு" என்று சீண்டுவார்.

அந்தப் பீற்றலைக் கேட்டுவிட்டுத்தான் அவள் வந்தாள். செட்டிகுளம் பக்கத்துப் பெண், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. இடுப்பில் பெண் குழந்தை, கையில் ஒரு மஞ்சள் பை. புருஷன் கொத்து வேலைக்காரன். திருச்சி ஏஜெண்ட் மூலமாகத் துபாய்க்குப் போனவன். போய்ச் சேர்ந்ததும் ஒரே ஒரு கடிதம், அதுவும் யாரையோ விட்டு எழுதியது, ஏனென்றால் அவனுக்கு எழுதத் தெரியாது. அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு தகவலும் இல்லை. அவள் போட்ட கடிதங்கள், அந்த முகவரியில் ஆள் இல்லை என்று முத்திரை குத்தித் திரும்பி வந்துவிட்டன. மாமியார் வீட்டில், அவன் அங்கே வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான் என்று முடிவே கட்டிவிட்டார்கள். இனி உனக்கு இங்கே என்ன வேலை, அண்ணன் வீட்டுக்குப் போ என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பார்சல் வந்தது. அவள் அண்ணன் அரியலூர் ரயில் நிலையத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தான். திருச்சிக்குப் போகிற யாரோ ஒருவர், வண்டி நின்ற நேரத்தில் ஓடிவந்து, டீ மாஸ்டரிடம் பொட்டலத்தைக் கொடுத்து, "பம்பாய்ல ஒருத்தர் குடுத்து விட்டாருங்க, இந்தக் கடைக்காரரோட மச்சான் அனுப்பினதாம்" என்று சொல்லிவிட்டு அதே வண்டியில் ஏறிப் போய்விட்டார். அண்ணன் அப்போது பால் வாங்கப் போயிருந்தான். பொட்டலத்தில் அண்ணனின் கடை விலாசம் தவிர ஒரு எழுத்து இல்லை. அண்ணன் அதை அவள் மாமியார் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தான்.

"அக்கா, இது துபாய்தானா? பாத்துச் சொல்லுங்கக்கா. துபாய்னா அவங்க சொல்றது நெசமா இருக்கலாம். அங்கயே இருந்துக்கிட்டு வேணும்னே கடுதாசியத் திருப்பி அனுப்புறாருன்னுதானே அர்த்தம்?" என்றாள்.

பையிலிருந்து ஒரு ரோஸ் கலர் ஃபிராக்கை எடுத்தாள். அதில் தொங்கிய அட்டையின் ஒரு மூலை கிழிந்து, நாணயத்தின் பெயர் அதோடு போயிருந்தது. மிஞ்சியது எண் மட்டும். ஒன்று, ஒரு புள்ளி, இருநூற்று ஐம்பது.

துபாய் இல்லை என்பது பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம் அங்கே எதற்கு? அத்தோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் எனக்கு இன்னொன்றும் தெரிந்திருந்தது. கப்பலில் சமையல் வேலை பார்த்த ஒருவரிடம் முன்பு இத்தாலிச் சரக்கு வாங்கியிருந்தோம். அந்த நாட்டில் நாம் கமா போடுகிற இடத்தில் புள்ளி போடுவார்கள். அவர்களின் லிரா ரொம்பச் சின்னக் காசு. சாதாரணக் கைக்குட்டைக்கே நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கும்.

"இது ஆயிரத்து இருநூத்தம்பது லிரா. உன் வீட்டுக்காரர் இத்தாலியில இருக்காரும்மா. கப்பல்ல ஏறிட்டாரு போல" என்றேன். கடையிலிருந்த நாலு பேரும் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவள் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "இத்தாலி எந்தப் பக்கம் இருக்குக்கா?" என்று மட்டும் கேட்டாள். மேற்கே, ரொம்பத் தூரம் என்றேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் போன பிறகு எனக்கு ஏனோ மனசு சரியில்லை. பஸ் பிடித்து வந்தவளை ஒரு உலகப் படத்தின் ஓரத்துக்குத் தள்ளிவிட்ட மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் அவளே மறுபடி வந்தாள். வந்தவள் முகத்தில் ஒரு பிடிவாதம். "அக்கா, பார்சல்ல இன்னும் ரெண்டு சாமான் இருந்துச்சு. மாமியா எடுத்துப் பொட்டியில பூட்டி வச்சிருந்தாங்க. சண்ட போட்டு வாங்கிட்டு வந்துட்டேன்" என்றாள். ஒரு பவுடர் டப்பா, அட்டையில் குத்திய ஒரு ஜோடி ஹேர்கிளிப்.

பவுடர் டப்பாவின் அடியில் ஒரு சின்ன ஸ்டிக்கர். சைபர், புள்ளி, அறுநூற்று ஐம்பது. பார்த்த மாத்திரத்தில் என் மூக்கு உடைந்தது. புள்ளி ஆயிரத்தைப் பிரிப்பதானால், எந்தக் கடைக்காரன் ஆயிரத்தின் இடத்தில் சைபர் போடுவான்? அப்படியானால் இது தசமப் புள்ளியேதான். ஒரு முழுக் காசுக்கும் குறைவான விலை. ஃபிராக் ஆயிரத்து இருநூற்று ஐம்பது இல்லை, ஒன்றேகால்! ஒரு காசை நூறாகப் பிரிக்காமல் ஆயிரமாகப் பிரிக்கிற ஏதோ ஒரு நாடு.

"இத்தாலி இல்லம்மா. நான் சொன்னது தப்பு" என்றேன். கடையில் அன்றைக்கும் ஆட்கள் இருந்தார்கள், எல்லோர் காதிலும் விழுந்தது. அவள் ஹேர்கிளிப் அட்டையை என் பக்கம் நகர்த்தினாள். "அப்ப எங்கக்கா?" என்றாள்.

ஹேர்கிளிப் அட்டையில் இருநூறு என்று எழுதி, பக்கத்தில் இங்கிலீஷில் பி-யும் இசட்-டும் இருந்தன. இது எனக்கு எட்டவில்லை. என் வீட்டுக்காரரை சைக்கிளில் விரட்டினேன். பக்கத்து ஊரான லெப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவர் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்து, உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்காகப் பெரம்பலூரில் தங்கியிருந்தார். எங்களுக்குச் சாமான் போடுகிறவர்தான். வந்ததும் மூன்று சீட்டையும் வரிசையாகப் பார்த்தார்.

"மூணு இலக்கம் போடுறது வளைகுடாப் பக்கம் குவைத்து, பஹ்ரைன், ஓமான் இந்த மூணும்தாங்க. மத்த ரெண்டுலயும் சில்லறைக்கு ஃபில்ஸுன்னு சொல்லுவான். இது பி, இசட்டு. பைசா. ஓமான்லதான் பைசா. ஆயிரம் பைசா ஒரு ரியாலு. மஸ்கட்டும் ஓமான்தான். உங்க வீட்டுக்காரரு நான் இருக்குற நாட்டுலதாம்மா இருக்காரு, அல்லாஹ் உதவியால" என்றார்.

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. "துபாய்க்குத்தானே அனுப்புனாங்க?" என்றாள்.

"துபாய்ல எறக்கி, அங்கேருந்து கம்பெனி வண்டியில ஓமானுக்குக் கூட்டிட்டுப் போற வழக்கம் உண்டும்மா. பாலைவனத்துக்குள்ள எங்கயாவது ரோட்டு வேலையா இருந்தா, தபாலுக்கே டவுனுக்கு வரணும். நான் அடுத்த வாரம் திரும்பிப் போறேன். கொத்து வேலக்காரங்க தங்குற எடம் ஒவ்வொண்ணா விசாரிக்கிறேன். பேரும் ஊரும் மட்டும் சொல்லுங்க."

அவள் பெயரைச் சொன்னாள். ஊரைச் சொன்னாள். அவனுடைய இடது புருவத்தில் தழும்பு இருக்கும் என்பதையும், சிரித்தால் ஒரு பக்கம்தான் வாய் போகும் என்பதையும் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். எனக்கு அவர் மேல் அன்றைக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

அதற்குப் பிறகு அவள் பெரம்பலூர் வரும்போதெல்லாம் கடைக்கு வந்து ஒரு ஓரமாக நிற்பாள். எதுவும் கேட்க மாட்டாள். நானும் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டுவேன். மாமியார் வீட்டை விட்டு அவள் போகவில்லை. "ஓமானாம், போய்ப் பாத்தியா நீ?" என்று அவர்கள் கேலி செய்தார்களாம். இவள் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாளாம். ஏற்கெனவே ஒரு தடவை தப்பாகச் சொன்னவள் நான். இந்தத் தடவையும் தப்பானால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

பொங்கல் கழிந்து, வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. மஸ்கட்காரரின் தம்பி ஒருநாள் கடைக்கு வந்து, ஒரு கேசட்டை மேஜையில் வைத்தார். "ஆளு கெடச்சுட்டாரு. பேசிக் குடுத்துருக்காரு" என்றார். நான் உடனே செட்டிகுளம் போகிற பஸ்ஸில் தெரிந்த கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினேன். மதிய வண்டியிலேயே வந்துவிட்டாள். மாமியாரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

விற்பனைக்கு வைத்திருந்த டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டோம். கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு ஒரு ஆண் குரல், கூச்சத்தோடு, "நாந்தான்" என்றது. மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நாந்தான். நல்லாருக்கேன். மலைக்கு நடுவுல ரோட்டு வேல. பாஸ்போட்டு கம்பெனிக்காரங்ககிட்ட இருக்கு. ரெண்டு கடுதாசி எழுதச் சொல்லிப் போட்டேன், எழுதிக் குடுத்தவன் வேற கேம்புக்குப் போயிட்டான், வந்துச்சோ என்னமோ தெரியல. ஊருக்குப் போற ஒருத்தர்ட்ட சாமான் குடுத்தேன். நீ என்னத் தப்பா நெனச்சிருப்ப. நெனச்சுக்காத. ஒப்பந்தம் முடிஞ்சதும் வந்துடுவேன்."

அவ்வளவுதான். அவள் மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும் போட்டோம். மாமியார் மருமகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "நான் பாவி, என்னென்னமோ பேசிட்டேன்டி" என்று விசும்பினார். அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

கேசட்டின் மறுபக்கம் காலியாக இருந்தது. "நீ பேசு, மஸ்கட்காரர் தம்பி அனுப்பிடுவாரு" என்று சிவப்புப் பொத்தானை அழுத்திக் கொடுத்தேன். கேட்க என்னவெல்லாம் வைத்திருப்பாள், எத்தனை அழுகை, எத்தனை கோபம் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். டேப் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் குழந்தையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு, அந்த மெஷினைப் பார்த்தபடியே இருந்தாள். எனக்கு டேப் வீணாகிறதே என்று கை பரபரத்தது. ஆனாலும் நிறுத்த மனம் வரவில்லை.

கடைசியில் குனிந்து, மெஷினுக்குக் கிட்டே வாயை வைத்து, யாரோ தூங்குகிறவரை எழுப்புகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க எங்க இருக்கீங்கன்னு இப்ப எனக்குத் தெரியுங்க."