பேதியுப்பும் ஒட்டியாணமும்

அக்காவின் கலியாணத்துக்கு இன்னும் இரண்டு மாதம், எட்டுக் கிழமை இருந்தபோது, வெள்ளவத்தையிலிருந்து மாப்பிள்ளையின் பெரியம்மா ஒரு பட்டுத் துணிப் பொதியுடன் எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்தார். அதற்குள் தங்க ஒட்டியாணம். அந்த வீட்டுக்கு வாழப்போகும் பெண்கள் எல்லாரும் மணவறையில் அணிவது. அவர் போனபின் அம்மா அதை அக்காவின் இடுப்பில் சுற்றிப் பார்த்தார். கொக்கி கொளுவவில்லை. நாலு விரல் இடைவெளி.

"எட்டுக் கிழமை காணும். வத்தப் பண்ணிடலாம்," என்றார் அம்மா.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்போது ஒரு கந்தோரில் கோப்பு எழுதும் எழுதுவினைஞன். ஆனால் உடம்பைக் குறைப்பது பற்றி எந்தப் பாடத்திலும் படித்ததில்லை. அம்மா பின்பற்றியது எங்கள் வீட்டு வழக்கத்தை. இடைக்கிடை பேதிக்குக் குடித்து வயிற்றைச் சுத்தம் பண்ணுவது எல்லாருக்கும் நல்லது என்றே நாங்கள் வளர்ந்திருந்தோம். அதனால் அம்மா இரண்டு நாளுக்கு ஒருமுறை பேதியுப்புக் கரைத்துக் கொடுத்தபோது எவருக்கும் பயம் வரவில்லை. மத்தியானம் சோறும் இல்லை. ஒரு கோப்பை தேத்தண்ணி, சீனி போடாமல்.

எங்கள் ஐயா வேலை செய்த அரிசிக் கடையில் மூட்டை நிறுக்கும் தராசு இருந்தது. கடை பூட்டிய ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவை அதில் ஏற்றுவோம். முதற்கிழமையே ஐந்து இறாத்தல், இரண்டு கிலோவுக்கு மேல், குறைந்திருந்தது.

"பாத்தியே! உருகிப் போச்சு," என்று அம்மா கைதட்டினார்.

"மூட்டை ஓட்டை போல கிடக்கு," என்றார் ஐயா. அக்காவும் சிரித்தாள். அவளுடைய உதடு வெடித்திருந்ததை நான் அன்று கண்டேன். வெயில் என்று நினைத்தேன்.

மூன்றாவது ஞாயிறு தராசில் ஏறியவள், "தம்பி, கால் பிடிச்சு இழுக்குது," என்றாள். கெண்டைக்கால் கல்லாய் இறுகியிருந்தது. அடுத்த கணம் தட்டிலிருந்து சரிந்து அரிசி மூட்டைகளுக்கு இடையில் விழுந்தாள். கூப்பிட்டோம், கண் திறக்கவில்லை. ஐயாவும் நானும் றிக்சோவில் ஏற்றி ஆசுபத்திரிக்குக் கொண்டு ஓடினோம்.

அங்கே பார்த்த டொக்டரம்மா அக்காவின் தோலைக் கிள்ளிப் பிடித்து விட்டார். அது மடிந்தபடியே நின்றது. நாடி பிடித்தவரின் முகம் மாறிற்று.

"என்ன குடுத்தனீங்கள்?"

பின்னால் ஓடிவந்திருந்த அம்மா, ஒட்டியாணத்து நாலு விரலையும் சேர்த்துப் பெருமையாகவே சொன்னார். எனக்கு அது இன்றும் நம்பமுடியாமல் இருக்கிறது.

"நீங்கள் இறக்கினது கொழுப்பில்லை, தண்ணி," என்றார் டொக்டரம்மா. "தண்ணியோட இருதயத்துக்கு வேண்டிய உப்புகளும் போச்சு. நாடி விட்டு விட்டு அடிக்குது. இன்னும் ரெண்டு தரம் குடுத்திருந்தா, கலியாண வீடு இல்லை, செத்த வீடுதான்."



நரம்பு வழியாக உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். மறுநாள் மாலை அக்கா கண் விழித்துக் கஞ்சி குடித்தாள். இரண்டு நாள் கழித்து அங்கே தராசில் நிறுத்தபோது, போன இறாத்தல் அநேகமாக எல்லாம் திரும்பியிருந்தது. அம்மா ஓவென்று அழத் தொடங்கினார்.

"இவ்வளவு பாடுபட்டும் எல்லாம் வீணாப் போச்சே!"

மகள் பிழைத்ததற்கு அழுகிறார் என்று நினைத்திருந்த தாதி திகைத்துப்போய்ப் பார்த்தாள். நானும்தான்.

டொக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். "தம்பி, கொழுப்புக் கரையிறது மெதுவாத்தான். கிழமைக்கு ஒரு இறாத்தல், கூடினா ரெண்டு. முதல் கொஞ்ச நாள் தேறட்டும். பிறகு சோத்தைக் கொஞ்சம் குறைச்சு, மீன், பருப்பு, கீரை கூட்டுங்கோ. பொரியலும் பலகாரமும் வேண்டாம். பின்னேரத்தில நடக்கட்டும். பட்டினி போடக் கூடாது. மிச்ச நாளில ஒரு அஞ்சாறு இறாத்தல் போகலாம். நாலு விரல் போகும் எண்டு ஆரும் சொல்ல ஏலாது."

அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். அவள் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

"அப்ப கொளுவாது."

"ஓம் அக்கா."

"நீ போய் மாப்பிள்ளை வீட்டாக்களிட்டச் சொல்லிப்போட்டு வா. என்னை வேண்டாம் எண்டா வேண்டாம். நான் இனி அந்தத் தண்ணி குடிக்க மாட்டன்."

வெள்ளவத்தைக்குப் பஸ்ஸில் போகும் வழியெல்லாம், கலியாணம் நின்றுவிடும் என்றே மனம் சொல்லியது. பெரியம்மா வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் சொல்லி முடித்தேன். அவர் கையிலிருந்த கீரை அப்படியே நின்றது.

"அட பாவிகளே," என்றார் மெதுவாக. "அளவு பாக்கத்தானே தந்திட்டு வந்தனான். எனக்கும் கொளுவேல்லை, மோனை. நகை செய்யிற பத்தரிட்டக் குடுத்து நாலு கண்ணி கூட வைச்சுத்தான் நான் கட்டினனான். உங்கட அக்காவுக்கு வேணுமெண்டா இன்னும் நாலு வைப்பம். ஆரும் எங்களிட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?"

அவர் உள்ளே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார்.

"நட. பிள்ளையைப் பாக்கவேணும்."