ஜாடிக்குள் போன பேனாக்கள்

"என்ர மென்பொருள் போன இடத்துல, தொகையை எழுத்தால எழுத இனி ஒருத்தரும் பேனாவைத் தொட மாட்டாங்க."

தறி நூல் வியாபாரிகளின் ஆண்டுக் கூட்டத்தில், வடைக்கும் நன்றியுரைக்கும் நடுவே, அஸ்தம்பட்டி ஜீவானந்தம் செய்த சபதம் இது. வடை சூடாக இருந்ததால் யாரும் மறுக்கவில்லை.

வெறும் வாய்ச்சவடால் என்று சொல்லிவிட முடியாது. ஒரு ரூபாயிலிருந்து பல கோடி வரை எந்த எண்ணைக் கொடுத்தாலும் அவருடைய நிரல் அதைக் கோடி, லட்சம், ஆயிரம், நூறு என்று கூறுபோடும். ஒவ்வொரு கூறுக்கும் உரிய சொல்லைக் கோத்து, பில்லின் அடியில் தமிழில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி இறக்கும். காசோலையென்றால் கேட்ட மொழியில், கோட்டின் மேல் பிசகாமல் உட்கார வைக்கும்.

மென்பொருளை நிறுவி முடித்ததும் ஒரு சடங்கு உண்டு. அதுவரை தொகை எழுதிவந்த பேனாவைக் கேட்டு வாங்கி, நிறுவனத்தின் பெயரை ஒட்டி, தம் மேசைமேல் உள்ள ஊறுகாய் ஜாடிக்குள் போட்டுவிடுவார். தோற்ற அரசர்களின் வாள்களைப் போல அவை அங்கே குத்திட்டு நிற்கும்.

ஜலகண்டாபுரத்தில் துண்டுத் தறி ஓட்டும் சென்னியம்மாளின் பச்சை மூடிப் பேனாவும் அப்படித்தான் சிறைப்பட்டது. வாசிக்கத் தெரியாத எழுத்துக்குக் கீழே கையெழுத்துப் போட மாட்டேன் என்பது அந்த அம்மாளின் கொள்கை. அதனால் அவருக்குக் காசோலை தமிழில்.

இரண்டு மாதம் ஒரு குறையுமில்லை; தொகைகளில் காசு எதுவும் வரவில்லை. மூன்றாம் மாதம் சென்னியம்மாள் பஸ் ஏறி அஸ்தம்பட்டிக்கே வந்துவிட்டார். சேலம் நூல் வியாபாரி கரீம் பாஷாவுக்குக் கொடுத்த காசோலை திரும்பியிருந்தது. எண்ணில் 1,84,500. எழுத்தில் ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்றுத் தொண்ணூற்று ஒன்பது ரூபாய் அறுபது காசு மட்டும். பாஷா மரியாதையானவர், கோபிக்கவில்லை. புதுக் காசோலை சாயங்காலத்துக்குள் வந்தால் நூல் மூட்டை வண்டி ஏறும் என்று மட்டும் சொல்லியிருந்தார். தறிகளில் இருந்த நூல் மறுநாள் மதியம் வரைக்கும்கூடக் காணாது.

ஜீவானந்தம் காசோலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"எழுத்துல தப்பே இல்லீங்க்கா. பில்லு தொகை அதேதான். எண்ணுதான் தப்பு."

"ரெண்டும் உம்பட மிசினுதானுங்களே சாமி அடிச்சுது?"

அவர் அதைக் காதில் வாங்காமல் வங்கிக்குப் போன் போட்டார். இரண்டும் மாறுபட்டால் எழுத்தே செல்லும் என்று சட்டமே சொல்கிறது என முழங்கினார். சட்டம் அப்படித்தான் என்று மறுமுனைப் பெண் அதிகாரி ஒப்புக்கொண்டார். ஆனாலும் எழுத்தும் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் திருப்பி அனுப்புவதும் வழக்கம்தான், திருப்பியாகிவிட்டது, இப்போதெல்லாம் தொகையை அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது, புதுக் காசோலை இலைதான் வேண்டும் என்றார். ஜீவானந்தம் போனை வைத்துவிட்டு, ரிசர்வ் வங்கி வரைக்கும் போய் ஒரு கை பார்ப்பதாக அறிவித்தார்.

"பம்பாய் வரைக்கும் போயி ஜெயிச்சுட்டே வாங்க சாமி. அதுவரைக்கும் என்ர தறியில எதைக் கோக்கறது, உங்க சட்டத்தையா?"

அவர் முறைத்துக்கொண்டே கணினியைத் திறந்தார். காசோலையில் காசு வேண்டாமென்று எண்ணை முழு ரூபாயாக்கியது அச்சுப் பகுதி. சொற்களோ முழுதாக்குவதற்கு முந்தைய தொகையிலிருந்து பிறந்திருந்தன. சந்தைக்கு வந்த மாடு உயரமாய்த் தெரிய அதை மேட்டில் நிறுத்திக் காட்டுகிறவனைப் போல, அவர் எப்போதும் காசில்லாத தொகைகளைக் கொடுத்தே சோதித்துக் காட்டியிருந்தார். முதலில் முழுதாக்கி, அந்த ஒரே எண்ணை இரண்டு பக்கத்துக்கும் கொடுக்கும்படி திருத்தினார். ஒரே வரிதான். "மேம்பாடு" என்று அதற்குப் பெயரும் வைத்தார்.

இனி அச்சடிப்பதுதான் பாக்கி. காசோலைக்கு அளவெடுத்த பிரிண்டர் ஜலகண்டாபுரத்தில் இருந்தது. தம்முடைய பிரிண்டரில் வெள்ளைத்தாளை வைத்து ஓட்டிப் பார்த்தார். லட்சம் போய்க் கரீம் பாஷாவின் பெயர்மேல் ஏறி உட்கார்ந்தது. இன்னொரு தாள், இம்முறை கையெழுத்துக்கான இடத்தில் இறங்கியது.

"செக்குலயே ஓட்டிப் பாத்தர்லாமுங்க்கா, சரியா உழுந்துரும்."

"ஒரே இலைதானுங்க மிச்சம்" என்றார் சென்னியம்மாள். கடிகாரத்தைப் பார்க்கவில்லை, ஜாடியைப் பார்த்தார்.

ஜீவானந்தம் எழுந்து போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். ஜாடியின் மூடியைத் திறந்து பச்சை மூடிப் பேனாவைத் தேடி எடுத்தார். காய்ந்திருந்த முனையைக் கெட்டுப்போன தாளில் நாலு கிறுக்குக் கிறுக்கினார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த ஒரே இலையில் பெயரையும் எண்ணையும் நிரப்பி, ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து ஐநூறு ரூபாய் மட்டும் என்று எழுதினார்.

சென்னியம்மாள் விரல் வைத்து வாசித்தார். அதே பேனாவால் கையெழுத்துப் போட்டு, காசோலையோடு பேனாவையும் தம் பைக்குள் வைத்துக்கொண்டு, "வாரனுங்க" என்று எழுந்தார்.

ஜீவானந்தம் பேனாவைத் திருப்பிக் கேட்கவில்லை.