பதிவு செய்து கொடுத்த பெட்டி

என் அண்ணன் வீடியோ கேம் கடை வைத்திருக்கிறான். வாய் நீளம், கை அதைவிடத் தாராளம். கல்லாவில் உட்காருவது நான் என்பதால் இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான்.

விற்ற கேம் பெட்டியை அவன் அப்படியே கொடுத்தனுப்ப மாட்டான். தானே உறையைக் கிழித்து, உள்ளே இருக்கும் பதிவு எண்ணை வாங்கியவரின் கேம் கணக்கில் ஏற்றிக் கொடுத்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். எண்ணைத் தப்பாக அடித்துவிட்டு ஜனங்கள் அலையக் கூடாதாம்.

ஒருநாள் பஸ் டிரைவர் ஒருவர் வந்தார். மனைவியும் அவரும் பிரிந்துவிட்டார்கள். மகள் அம்மாவோடு வேறு ஊரில் இருக்கிறாள். போனில் அவளுக்குப் பேச்சே வருவதில்லையாம். அவள் ஆடும் ஆட்டத்தின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். இணையத்தில் பலர் சேர்ந்து ஊர் கட்டும் ஆட்டம் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்குள் போனால் மகளோடு இருக்கலாம். அண்ணன் பதிவு செய்து கொடுத்து, எந்தப் பொத்தான் எதற்கு என்று அரைமணி நேரம் சொல்லியும் கொடுத்தான்.

ஒன்பதாம் நாள் அந்த ஆட்டத்தின் கம்பெனி அறிவித்தது. இன்றோடு விற்பனை நிறுத்தம். இரண்டு மாதத்தில் ஆட்டத்தை ஓட்டும் சர்வர்களை மூடுகிறார்கள், அதன்பிறகு தனியாக ஆடக்கூடத் திறக்காது. கடையில் பெட்டி வாங்கியவர்கள் பணத்தைக் கடையிலேயே கேட்க வேண்டுமாம். மொத்த வியாபாரியோ, பிரிக்காத பெட்டியை மட்டும்தான் திருப்பி எடுப்பேன் என்று சொல்லிவிட்டார். பதிவான எண் செத்த எண். டிரைவருடையதை அண்ணன் தன் கையாலேயே பதிந்திருந்தான். உனக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கத்தித் தீர்த்தேன். அவன் பில் புத்தகத்தில் டிரைவரின் போன் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தான். அப்போதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

நாங்கள் கூப்பிடும் முன்பே டிரைவர் சீருடையோடு வந்து நின்றார். அண்ணன் முழுப் பணத்தையும் எடுத்து நீட்டினான். அவர் தொடவில்லை.

"காசு இருக்கட்டும் தம்பி. இந்த ரெண்டு மாசம் நாங்க ஆடிக்கிறோம். போன வாரம்தான் பாப்பா என்கிட்ட சரியா பேசவே ஆரம்பிச்சா. அப்புறத்துக்கு, மூடாததா ஒண்ணு கொடுங்க."

அலமாரி நிறையப் பெட்டிகள். வேறு நாளாக இருந்தால் அண்ணன் நாலை அவர் தலையில் கட்டியிருப்பான். அன்று ஒவ்வொன்றாக எடுத்து, பின்பக்கத்தைப் படித்து, திரும்ப வைத்தான். எல்லாம் யாரோ ஒருவருடைய சர்வரை நம்பித்தான் ஓடுகின்றன. கடைசியில் பழைய டிஸ்க் ஒன்றைத் தேடி எடுத்தான். இணையமே வேண்டாத ஆட்டம், ஒரே டிவியில் இரண்டு பேர் ஆடலாம்.

"இதை யாராலயும் மூட முடியாதுண்ணே. ஆனா ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருக்கணும்."

டிரைவர் அதை வாங்கி வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரே ரூம்ல இருந்தா எனக்கு எதுக்குத் தம்பி கேமு?" என்றார்.