ஷிகெல்லா என்று எழுதிய தாள்

ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது நான் செய்த முட்டாள்தனங்களில் ஒன்றை நினைத்தால் இன்றும் என் மேல் எனக்கே எரிச்சல் வரும். அதில் ஒருத்தருடைய வேலை போனது.

இரண்டாயிரத்துகளின் கடைசி. திருவண்ணாமலைக்காரர்களின் குடலில் என்னென்ன நுண்ணுயிர்கள் வாழ்கின்றன என்பதுதான் என் ஆய்வு. சொந்த ஊர் என்பதால் வீடு வீடாகப் போய் மலமாதிரி கேட்க முடிந்தது. முதலில் சிரிப்பார்கள், பிறகு டப்பாவை வாங்கிக்கொள்வார்கள். முடிவு வந்ததும் நானே கொண்டுவந்து தருவேன் என்று எல்லோரிடமும் வாக்குக் கொடுத்திருந்தேன். மாதிரியை வாங்கிக்கொண்டு காணாமல் போகிற ஆய்வாளர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

மாதிரியிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, எல்லா பாக்டீரியாவிலும் இருக்கும் 16எஸ் என்ற அடையாள மரபணுவின் ஒரு துண்டை மட்டும் பல லட்சம் படிகளாகப் பெருக்கி, அதன் எழுத்து வரிசையைப் படிப்போம். அந்த மரபணுவில் சுமார் ஆயிரத்து ஐந்நூறு எழுத்து. எங்கள் இயந்திரம் படித்தது இருநூற்றைம்பதுக்குள். படித்ததைத் தகவல் தொகுப்போடு ஒப்பிட்டால், இன்ன குடும்பம், இன்ன பேரினம் என்று பெரும்பாலும் தெரியும். எந்த இனம் என்பது பல சமயம் தெரியாது. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரிந்ததுதான். தெரிந்தும், தாளில் ‘இனம்’ என்று ஒரு கட்டம் போட்டு, ஒப்பீட்டுப் பட்டியலில் முதலில் வந்த பெயரை அப்படியே நிரப்பினேன். அதே மதிப்பெண்ணோடு கீழே ஐந்தாறு பெயர்கள் இருந்ததை நான் பார்க்கவேயில்லை.

செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில் சமைத்துக்கொண்டிருந்த ஓர் அக்காவும் எனக்கு மாதிரி கொடுத்தவர். தாளை நான் இங்கிலீஷில் அச்சடித்திருந்தேன். அவர் அதைப் படித்துச் சொல்லச் சொல்லி முதலாளியிடமே கொடுத்திருக்கிறார். முதலாளி பிரவுசிங் சென்டரில் போய், ‘இனம்’ கட்டத்தில் நான் நிரப்பியிருந்த ‘ஷிகெல்லா’வைத் தட்டிப் பார்த்தார். சீதபேதிக் கிருமி என்று வந்தது. அந்த வாரம் பார்த்து விடுதியில் இரண்டு பேருக்கு வயிறு சரியில்லை. அக்காவை மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அக்கா என்னைத் திட்டவில்லை. போன் போட்டு, தனக்கு என்ன வியாதி என்று மட்டும் கேட்டார். கணினியைத் திறந்து அவருடைய வரிசையைப் பார்த்தேன். நாம் எல்லோரும் வயிற்றில் சுமக்கும் சாதாரண ஈ.கோலைக்கும் ஷிகெல்லாவுக்கும் அந்தத் துண்டில் ஓர் எழுத்துகூட வித்தியாசமில்லை.

அடுத்த பஸ்ஸில் ஏறி ஊருக்கு வந்து முதலாளியிடம் போய் நின்று, தப்பு என்னுடையது, இந்தச் சோதனையால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது என்றேன். அவர் நிதானமான ஆள்.

“பிரிச்சு சொல்ல முடியாதுன்னா, அது ஷிகெல்லா இல்லன்னும் நீங்க சொல்ல முடியாதுல்ல, மேடம்?”

மனுஷன் என் ஆய்வு நெறியாளரைவிடச் சரியாகக் கேட்டுவிட்டார். சரி, சொல்ல முடிகிற சோதனையைச் செய்துவிட்டுத்தான் மறுபடி இந்தப் படி ஏறுவேன் என்று கிளம்பினேன்.

ஆய்வகக் குளிர்பெட்டியில் அக்காவின் டிஎன்ஏ மிச்சம் இருந்தது. ஷிகெல்லாவிடம் இருக்கும், சாதாரண ஈ.கோலையிடம் இல்லாத வேறொரு மரபணுவைத் தேடினேன். ஒப்பீட்டுக்கு வைத்த ஷிகெல்லா டிஎன்ஏவில் அந்த மரபணு இருப்பதைக் காட்டும் பட்டை பளிச்சென்று தெரிந்தது. அக்காவுடையதில் ஒன்றுமில்லை. நம்பாமல் மூன்று தடவை ஓட்டினேன். ஆனால் அது மூன்று மாதம் முந்திய மாதிரி. இன்றைக்கு என்ன என்று முதலாளி கேட்பார், கேட்கவும் வேண்டும். அதனால் ஊருக்கு வந்து, அக்காவிடம் புது மாதிரி வாங்கி, சூடு ஆறுவதற்குள் ஆட்டோவில் ஒரு லேபுக்குக் கொண்டுபோய் கிருமியை உயிரோடு வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்குக் கொடுத்தேன். அடுத்த இரண்டு நாளும் அதேபோல. மூன்றிலும் ஷிகெல்லா வளரவில்லை.

இந்த முறை எல்லாவற்றையும் தமிழில் எழுதி முதலாளி முன்னால் வைத்தேன். எது தெரியும், எது தெரியாது என்று தனித்தனியாக. இரண்டு தடவை படித்தார். திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லுங்க என்றார். அப்பாடா என்றிருந்தது.

ஓட்டமாய் அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். தமிழ்த் தாளை வாங்கி, வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“இல்லன்னு சொல்றதுக்கு இத்தினி வாட்டி பாத்தியேம்மா. இருக்குதுன்னு எழுதறப்ப எத்தினி வாட்டி பாத்த?”

“ஒரு வாட்டிதான்க்கா” என்றேன். அதுகூட முழுசாக இல்லை.