மூன்று பக்கமும் பார்க்கும் அறை

தலெந்தா முப்பது வயது வரை ஜூடோக்காரி. முழங்கால் இரண்டாம் முறை பிசகியதும் போட்டிகளை விட்டுவிட்டு, ஸ்ஃபாக்ஸ் நகரில் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையானாள். நாடகக் குழுவை நடத்தியவர் மாற்றலாகிப் போனபோது, அண்ணன் தங்கையை அறையும் காட்சி ஒன்று பாதியில் நின்றது. "அடிதடி உங்க துறைதானே மேடம்" என்று தலைமையாசிரியர் அதை அவள் தலையில் கட்டினார்.

நாடகத்துக்கும் அவளுக்கும் அதுவரை ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் கீழே விழுவது எப்படி என்று அவளுக்குத் தெரியும். மீன்பிடிப் படகில் வேலைக்குப் போக ஆசைப்படும் தங்கையாக யுஸ்ர், அவளை அறையும் அண்ணனாக கஸ்ஸென். இருவரையும் மெத்தை விரித்த கூடத்துக்கு அழைத்துப் போனாள்.

"அறையறது யாரு?"

"நான்தான்" என்றான் கஸ்ஸென்.

"இல்ல. அறை வாங்குறவதான் இந்தக் காட்சிய ஓட்டுறா. அவ கண்ணால சரின்னு சொல்லாம உன் கை கிளம்பக் கூடாது."

மோதிரம், கடிகாரம், காதணி எல்லாம் கழற்ற வைத்தாள். கஸ்ஸென் கையை முழுதாக நீட்டினாலும் விரல் நுனி யுஸ்ரின் மூக்கைத் தொடாத தூரத்தில் நிறுத்தினாள். அவன் முதுகு பார்வையாளர் பக்கம். கை காற்றைத்தான் வெட்டும். அதோடு சேர்ந்து யுஸ்ர் தலையைத் திருப்புவாள். நெஞ்சுக்குக் கீழே மறைவாகத் தன் கைகளையே தட்டிச் சத்தம் எழுப்புவாள். யாராவது "நிறுத்து" என்றால் எல்லோரும் நிற்க வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. முதலில் தண்ணீருக்குள் நடப்பது போல மெதுவாக. வாரங்கள் போகப் போகத்தான் வேகம், அதிலும் முழு வேகம் கிடையாது.

மஹ்தியாவில் பள்ளி நாடக விழா. பேருந்தில் பிள்ளைகள் தர்புக்கா மேளம் தட்டிப் பாடிக்கொண்டே வந்தார்கள். அரங்குக்குள் நுழைந்ததும் பாட்டு நின்றது. மேடைக்கு மூன்று பக்கமும் நாற்காலி போட்டிருந்தார்கள். பக்கத்தில் உட்காருபவருக்குக் கைக்கும் கன்னத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி பளிச்சென்று தெரியும்.

கஸ்ஸென் தயங்கியபடி, "ஒரே ஒரு தடவதானே மேடம். நெசமாவே லேசா வச்சிடுறேன். யுஸ்ருக்கும் பரவால்லையாம்" என்றான்.

"நான் தாங்குவேன் மேடம்" என்றாள் யுஸ்ர்.

"படபடப்புல உனக்கு லேசு எது, பலம் எதுன்னு தெரியாது. காதுல பட்டா சவ்வு கிழிஞ்சிடும். அவ தாங்குவாளாங்கிறது இங்க கேள்வியே இல்ல."

சொல்லிவிட்டாளே தவிர, என்ன செய்வதென்று தெரியவில்லை. மேடையைச் சுற்றி ஒவ்வொரு நாற்காலியாக உட்கார்ந்து பார்த்தாள். போட்டிக்கு முன் வரும் அதே படபடப்பு, எத்தனை வருஷம் கழித்து! அப்போது அம்மா வேஷம் கட்டிய ரஹ்மா, பதற்றத்தில் "ஐயோ போச்சு" என்று இரண்டு கையாலும் தொடையில் அறைந்துகொண்டாள். சத்தம் அரங்கின் மூலைவரை போனது.

தலெந்தா எழுந்தாள். "அதையே திரும்பப் பண்ணு, ரஹ்மா."

இடப்பக்கத்தை மறைக்க, சண்டையை விலக்க ஓடிவரும் அக்கம்பக்கத்தாராக நடிக்கும் பிள்ளைகள். வலப்பக்கம் அம்மா. யுஸ்ர் தலையைத் திருப்பும் கணத்தில் அம்மா தொடையில் அடித்துக்கொள்ள வேண்டும். யுஸ்ரின் கைகளுக்கு இனி வேலை இல்லை.

"தூரம் அதேதான், ஒரு விரற்கடை குறையாது. மெதுவா தொடர்ந்து சரியா வந்தாத்தான் மேடைக்குப் போகும். பிசகினா அறையே கிடையாது, கஸ்ஸென் கையை ஓங்கிட்டுத் திரும்பி நடந்துடுவான். சம்மதமா யுஸ்ர்?"

"சம்மதம்."

முதல் தடவை ரஹ்மா முந்தினாள். அடுத்த தடவை அக்கம்பக்கத்தார் தலெந்தா உட்கார்ந்த பக்கத்தை மறைக்கவில்லை. "கஸ்ஸெனப் பாக்காத, யுஸ்ரோட தாடையப் பாரு" என்றாள் ரஹ்மாவிடம். அப்புறம் சரியாக வந்தது. மறுபடியும் வந்தது. நாற்காலி மாறி மாறி உட்கார்ந்து பார்த்தாள். எந்தப் பக்கத்திலிருந்தும் இடைவெளி தெரியவில்லை. நாடகம் தொடங்கும் முன் பக்கவாட்டு அறையில் இன்னொரு முறை மெதுவாக ஓட்டிப் பார்த்தார்கள்.

மேடையில் யுஸ்ர் கண் சிமிட்டாமல் கஸ்ஸெனைப் பார்த்து, கண்ணாலேயே சரி சொன்னாள். அவன் கை உயர்ந்தது. தலை திரும்பியது. சத்தம் விழுந்தது. அரங்கம் மொத்தமும் மூச்சை இழுத்தது. அந்த அமைதியில் இடப்பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல்: "அடப்பாவி, யாரோட பிள்ளை அவ தெரியுமா?"

யுஸ்ரின் சித்தி. பக்கத்தில் இருந்தவர்கள் அவளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். யுஸ்ருக்குச் சிரிப்பு முட்டியது. அதை அழுகையாக மாற்றி வசனத்தைப் பிடித்துக்கொண்டாள்.

நாடகம் முடிந்ததும் சித்தி நேராக மேடைக்குப் பின்னால் வந்து யுஸ்ரின் முகத்தை விளக்குப் பக்கம் திருப்பினாள். தடவிப் பார்த்தாள். மறு கன்னத்தையும் பார்த்தாள்.

"எங்கடி அடிச்சான்?"

"அடிக்கவே இல்ல சித்தி. ரஹ்மாவோட தொடைதான் செவந்திருக்கு."

சித்தி தலெந்தாவை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா? அடுத்த வருஷமும் இவள உங்ககிட்டதான் அனுப்புவேன்."

நடுவர்கள் இரண்டாம் பரிசுதான் கொடுத்தார்கள். திரும்பும் வழியில் பேருந்தின் பின் இருக்கையில் பிள்ளைகள் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப நடித்தார்கள். தலெந்தா முன்னிருக்கையிலிருந்து எழுந்து நின்று கத்தினாள்: "கஸ்ஸென், கடிகாரத்தக் கழட்டு. தள்ளி நில்லு. இல்ல, வேணாம், ஓடுற வண்டியில எல்லாரும் உட்காருங்க."