போனஸுக்கு முந்தின கவர்

கடைக்கு அட்வான்ஸ் கொடுத்த மறுநாளே எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. சிவகாசி பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரம். ஷட்டரைத் தூக்கினால் எட்டுக்குப் பத்து. அதற்குள் செல்போன் கவர், திரையில் ஒட்டுகிற கண்ணாடி, சார்ஜர், ஹெட்போன் என்று தொங்கவிட்டு உட்கார வேண்டும். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன் பிறகு காலண்டர் பிரஸ்ஸில் கட்டிங் மிஷினில் நின்றவன். மிஷினில் என்ன தப்பு நடந்தாலும் கண் முன்னால் நடக்கும், பேப்பர் கோணலாக விழும், நிறுத்திவிடலாம். சரக்கு அப்படி இல்லை. கோணலாக விழுந்தது ஆறு மாசம் கழித்துத்தான் தெரியும்.

வீணாய்ப்போன காலண்டர் ஷீட் ஒன்றின் பின்பக்கத்தில் திட்டம் எழுதினேன். முன்பக்கம் முருகன். கையில் இருக்கிற முதலை நாலாகப் பிரித்தேன். ஒரு பங்கு எந்தப் போனுக்கும் பொருந்துகிற சார்ஜர், கேபிள், ஹெட்போனுக்கு. ஒரு பங்கு கண்ணாடிக்கு. ஒரே கண்ணாடி நாலைந்து மாடலுக்குப் பொருந்தும் என்பதால் அதில் பயம் கம்மி. ஒரு பங்கு கவருக்கு. கவர்தான் லாபம், கவர்தான் வில்லங்கம். ஒரு மாடலின் கவர் அடுத்த மாடலுக்குள் நுழையாது, கேமரா ஓட்டை ஒரு நூல் தள்ளியிருந்தாலும் போச்சு. நாலாவது பங்கைத் தொடக் கூடாது. புது மாடல் வந்து ஜனம் கேட்கும்போது வாங்க அதுதான் இருக்கும்.

திட்டத்தை மச்சானிடம் காட்டினேன். என் வீட்டுக்காரிக்கு மூத்தவர், விருதுநகர் ரோட்டில் பட்டாசுக் கடை. கடைக்குப் போடுகிற முதலில் பாதி அவர் பணம். ஷீட்டைத் திருப்பி முருகனை ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் பின்பக்கத்தைப் படித்தார்.

"என்ன மாப்ள, கல்யாணத்துக்குப் பத்திரிகை எழுதுன மாதிரி எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் வச்சிருக்கீக? யாவாரம்னா சீசனுக்கு முந்தி மொத்தமா அடிக்கணும். தை மாசம் புக் பண்ணுனவனுக்கு ஒரு விலை, புரட்டாசில வந்து நிக்கிறவனுக்கு ஒரு விலை."

"மிஞ்சிப் போச்சுன்னா மச்சான்?"

"மிஞ்சுனா என்ன? குடோன்ல ஈரம் படாம வச்சு அடுத்த வருசம் முத ஆளா வித்துட்டுப் போறோம். நீங்க எதுக்கெடுத்தாலும் எழவு வீட்டுல உக்காந்த மாதிரியே யோசிச்சா எப்படி?"

எங்கள் ஊரில் தள்ளுபடி என்பது விலையோடு கூடப் பிறந்தது. விலைப்பட்டியலில் முக்கால்வாசி தள்ளுபடி போடாத பட்டாசுக் கடைக்கு ஜனம் ஏறாது. எங்கே தள்ளுபடி என்று காதில் விழுந்தாலும் எங்கள் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பும். மதுரையில் ஒரு மொத்த வியாபாரி, எடுக்கிற சரக்கு அதிகமானால் பாதி விலைக்கே கவர் தருகிறார் என்று மச்சான் யாரிடமோ கேள்விப்பட்டு வந்தார். ஆவணி பிறந்திருந்தது. இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.

கடை மாடியில் இருந்தது. படியெல்லாம் அட்டைப்பெட்டி. மொத்தக்கடைக்காரர் ஒரு காதில் போனை வைத்துக்கொண்டே எங்களிடமும் பேசினார். "அண்ணே, மொத்த லாட்டு. பாதி விலை. எல்லாம் ஓடுற மாடல். ரிட்டர்ன், மாத்துறது எதுவும் கிடையாது."

எனக்கு 'கிடையாது' மட்டும்தான் கேட்டது. ஒரு பெட்டியைப் பிரிக்கச் சொன்னேன். மச்சான் பக்கத்தில் நெளிந்தார். பெட்டிக்குள் மாடல் பெயர் ஒட்டிய கவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். அதற்கு முந்தின இரண்டு வாரமும் சாயங்காலம் பட்டாசு கம்பெனி வண்டிகள் வந்து நிற்கிற இடத்தில் நான் சும்மா போய் நின்றிருந்தேன். இறங்குகிற பெண்கள், ஆண்கள் கையில் என்ன போன் என்று பார்ப்பதற்கு. ஒரு அக்கா, "என்னண்ணே, தினம் எங்க கையையே பாக்கீக, வளையல் வாங்கித் தரப் போறீகளா?" என்று கேட்டு வண்டியே சிரித்தது. அன்று பார்த்த அதே மாடல்கள்தான் பெட்டிக்குள் இருந்தன. எல்லாம் ஒன்றிரண்டு வருசத்துப் போன். எங்கள் ஊர் கையில் இருப்பதும் அதுதான்.

"பாத்தீகளா?" என்றார் மச்சான்.

பார்த்தேன். மனசு சமாதானமானது. எனக்கு மனசு சமாதானமாவது அபூர்வம். ஒரு பெட்டிக்கு உண்டான பணத்தை முன்பணமாகக் கொடுத்துவிட்டு, மீதியை வெள்ளிக்கிழமை கொடுத்து லோடு ஏற்றுவதாகப் பேசிக்கொண்டு திரும்பினோம். திருமங்கலம் தாண்டும்போதே அந்தச் சமாதானத்தைப் பற்றிக் கவலை வந்துவிட்டது.

என் வீட்டுக்காரி பட்டாசு கம்பெனி ஆபீசில் சம்பளக் கணக்கு போடுகிறவள். நான் சொன்னதைக் கேட்டபடி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மாடலெல்லாம் அவுக கையில இருக்குன்னு பாத்தீகளே, கவர் இல்லாமயா வச்சிருந்தாக?"

யோசித்தேன். எல்லாப் போனிலும் கவர் இருந்தது. மஞ்சளாகிப் போன கவர், ஓரம் கிழிந்த கவர், ரப்பர் பேண்டு போட்ட கவர்.

"கிழிஞ்சதை மாத்துவாகள்ல?"

"எதுக்கு மாத்தணும்? தீபாவளிக்குப் போனஸ் போடுவோம்ல. ஒரே வாரத்துல எல்லா கம்பெனியும் போடும். வாங்குன மறுநாள் பாதிப் பேரு புதுப் போனோடதான் வந்து நிப்பாக. அதுவரைக்கும் ரப்பர் பேண்டே போதும்னுதான் இருக்காக. போன வருசம் பாத்தேன், மறுவாரம் சம்பளத்துக்குக் கையெழுத்து வாங்கி நிமிந்தா லைனு பூரா புதுப் போன்."

வெங்காயத்துக்குக் கண் எரிந்தது அவளுக்கு. கண் கலங்கியது எனக்கு.

மற்ற ஊரில் போன் ஒன்றொன்றாகக் கிழடாகும். எங்கள் ஊரில் மொத்த ஊர் போனும் ஒரே வாரத்தில் கிழடாகிவிடும். நான் வண்டி நிற்கிற இடத்தில் நின்று எண்ணியது எல்லாம் போகப்போகிற போன்களை.

காலண்டர் ஷீட்டை எடுத்தேன். பாதி விலைக்கு எடுத்துப் பாதி விற்காமல் போனால், விற்ற பாதியை முழு விலைக்கு எடுத்ததாகத்தான் அர்த்தம். தள்ளுபடி அங்கேயே செத்தது. அதற்கு மேல் ஒரு கவர் தேங்கினாலும் நஷ்டம். நாலாவது பங்கும் அந்த லாட்டுக்குள்ளே போயிருக்கும். போனஸ் வாரத்தில் புதுப் போனுக்குக் கண்ணாடி கேட்டு வருகிறவர்களிடம் கையை விரிக்க வேண்டும். கடை திறந்த முதல் சீசனிலேயே ஷட்டரை இறக்கிவிட்டு மறுபடி கட்டிங் மிஷினுக்குப் போய் நிற்பேன். பிரஸ்ஸில் என் இடத்தில் வேறொருத்தர் நிற்கிறார் என்பதும் ஞாபகம் வந்தது.

இதை மச்சானிடம் எப்படிச் சொல்ல? பட்டாசுக் கடைக்குப் போய், அங்கன கிடந்த கம்பி மத்தாப்புப் பெட்டிகளை அடுக்கிக் கொடுத்து, கலைத்து, மறுபடி அடுக்கினேன்.

"என்ன மாப்ள, சம்பளத்துக்கு வந்திருக்கீகளா? விசயத்தைச் சொல்லுங்க."

"மச்சான், உங்க குடோன்ல போன வருசத்து சரவெடி கிடக்கு. இந்த வருசம் வெடிக்குமா?"

"வெடிக்காம? திரி ஏத்திப் பாருங்க."

"போன வருசத்துக் கவரு இந்த வருசத்துப் போன்ல ஏறாது மச்சான்."

அவர் தங்கச்சி சொன்னதையும் சொன்னேன். போனஸ் என்றதும் அவர் முகம் மாறியது. அவரும் அந்த வாரத்தை நம்பித்தான் கடை வைத்திருக்கிறார். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "பாதி விலைங்க மாப்ள. பாதி விலைய எவன் வேண்டாம்பான்? கொடுத்த முன்பணம்?"

"அதுக்கு ஒரு பெட்டிய எடுத்துக்கிருவோம்."

"அந்தப் பெட்டி விக்கலைன்னா?"

"உங்களுக்கு என்னைய ஏசுறதுக்கு ஆகும்."

சிரித்துவிட்டார். சம்மதம் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை தனியாகப் போனேன். மொத்தக்கடைக்காரர் போனைக் காதிலிருந்து எடுத்தது அப்போதுதான். "அண்ணே, டிஸ்கவுண்ட் வேணும்னா மாத்தித் தர மாட்டேன். மாத்தணும்னா டிஸ்கவுண்ட் கிடையாது. ரெண்டும் வேணும்னா நீங்க மாமனார் வீட்டுக்குத்தான் போகணும்." எனக்கு மாமனார் வீட்டு நிலைமை தெரியும் என்பதால் மாற்றுவதைக் கேட்டேன். மாடலுக்கு ஐந்தாறு கவர். தீபாவளிக்கு இரண்டு வாரம் முந்தி வரைக்கும் விற்காததைக் கொடுத்து, அதே மதிப்புக்கு வேறு எடுக்கலாம். பாக்கெட் பிரிந்திருக்கக் கூடாது. முன்பணத்துக்கு ஒரு பெட்டியைப் பாதி விலையில் தலையில் கட்டினார்.

கடை ஓடியது. நாள்தோறும் எனக்கு வேலை, எந்த மாடலைக் கேட்டு ஆள் வெறும் கையோடு போகிறார் என்று குறிப்பது. ஒரே மாடலை இரண்டாவது ஆள் கேட்டால் மதுரைக்கு வாட்ஸ்அப். சாயங்காலம் பஸ்ஸில் பார்சல். பாக்கெட்டைப் பிரித்துப் பார்க்கும் கைகளைக் கண்டால் குறுக்கே கை நீட்டுவேன். "பிரிக்காதீகக்கா, நானே போட்டுக் காட்டுறேன்" என்று மாடலுக்கு ஒன்றை மட்டும் பிரித்து வைத்தேன். தீபாவளிக்கு இரண்டு வாரம் முந்தி, மீந்த கவர்களை மூட்டை கட்டி மதுரைக்குத் தூக்கிப்போனேன். மொத்தக்கடைக்காரர் முனகிக்கொண்டே எண்ணினார், ஆனால் எண்ணினார். கவருக்குக் கவர் எடுக்கவில்லை. புதுப் போன் பெட்டிக்குள்ளேயே ஒரு கவர் சும்மா கொடுக்கிறார்கள். கண்ணாடிதான் கேட்பார்கள் என்று கண்ணாடியாக எடுத்தேன். நாலாவது பங்கும் கண்ணாடி ஆனது.

போனஸ் வாரம் கடை முன்னால் நிற்க இடமில்லை. புதுப் போனை இரண்டு கையாலும் பிடித்தபடி, கண்ணாடி ஒட்டும்வரை மூச்சு விடாமல் நிற்பார்கள். நானும் மூச்சு விடமாட்டேன். தூசி விழுந்தால் ஒரு கண்ணாடி போச்சு. வண்டியில் வைத்து என்னைக் கிண்டல் பண்ணிய அக்காவும் வந்தார். "வளையல் எங்கண்ணே?" என்றார்.

போட்ட முதல் தப்பியது. ஆனால் மாற்ற முடியாத அந்த ஒரு பெட்டி இருக்கிறதே. கார்த்திகையில் அதே அக்கா பழைய போனோடு வந்தார். அதை மாமியாருக்குக் கொடுத்துவிட்டாராம், ரப்பர் பேண்டு போட்ட கவர் மாமியாருக்குப் பிடிக்கவில்லையாம். இன்னொருத்தர் பழைய போனை மகளுக்குக் கொடுத்திருந்தார், பூப்போட்ட கவர் வேண்டும். பெட்டி கரைய ஆரம்பித்தது. எனக்குச் சந்தோசம் வரவில்லை. அப்படியானால் மொத்த லாட்டும் விற்றிருக்குமோ?

மச்சான் கடைக்கு வந்து பெட்டியை எட்டிப் பார்த்தார். "அட, பாதி காலி! அன்னைக்கே சொன்னேன்ல மாப்ள?"

"ஒரு பெட்டில பாதிதான மச்சான் போயிருக்கு. லாட்டுல எம்புட்டுப் பெட்டி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"அதைச் சொல்லாதீக" என்று டீ வாங்கப் போய்விட்டார்.

மீதிப் பாதி இன்னும் கிடக்கிறது. தை முடிந்து மாமியார்கள் வரத்தும் குறைந்துவிட்டது. சாயங்காலம் ஆளில்லாத நேரத்தில் வண்டி நிற்கிற இடத்துக்குப் போய் நின்று பார்க்கிறேன். புதுப் போன்களின் கூடவே வந்த கவர்கள் ஓரத்தில் மஞ்சளாக ஆரம்பித்திருக்கின்றன. இப்போது அந்த மாடலுக்குக் கவர் எடுக்கலாம். அடுத்த போனஸுக்கு எத்தனை மாசம் இருக்கிறது என்று விரலை மடக்குகிறேன், மாடலுக்கு மூன்று எடுக்கவா ஐந்து எடுக்கவா என்று வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டே நடக்கிறேன்.

"மூணு எடுங்க" என்கிறாள் வீட்டுக்காரி, நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே.